பத்து லட்சத்தில் ஒரு டீக்கடை: பெயரை வாங்குவதா, சொந்தப் பெயர் வைப்பதா?

கையில் 10 லட்சம் ரூபாய். வேலையை விட்டாயிற்று, அல்லது விடப்போகிறார். சொந்தமாக ஒரு கடை போடவேண்டும். தமிழ்நாட்டில் இந்த நிலையில் இருக்கும் ஒருவர் முதலில் யோசிப்பது பெரும்பாலும் டீக்கடையைத்தான். விற்பனை ரொக்கம், சரக்கு தேங்காது, வாடிக்கையாளர் தினமும் வருவார். யோசிக்கத் தொடங்கிய ஒரு வாரத்துக்குள் அவருடைய கைபேசிக்கு விளம்பரங்கள் வரத் தொடங்கும்: 'எங்கள் பிராண்டில் கடை திறங்கள், பயிற்சி முதல் பலகை வரை எல்லாம் நாங்களே தருகிறோம்.'

இதுதான் பிரான்சைஸ். ஒரு நிறுவனத்தின் பெயரையும் செய்முறையையும் பணம் கொடுத்து வாங்கி, நம் முதலில், நம் பொறுப்பில் கடை நடத்துவது. இன்னொரு வழி, சொந்தப் பெயரில் பலகை மாட்டுவது. பிரான்சைஸ் பாதுகாப்பானது, சொந்தக் கடை துணிச்சல்காரர்களுக்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். கைமுதல் குறைவாக இருப்பவருக்கு இந்தக் கணக்கு பல நேரம் தலைகீழாக இருக்கிறது. அதை ஒரு டீக்கடையை வைத்தே பார்க்கலாம்.

பெரிய பெயர்கள் இந்தக் கணக்கில் வராது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் டாமினோஸ் கடைகளை ஜூபிலண்ட் ஃபுட்வொர்க்ஸ் நடத்துகிறது. கே.எஃப்.சி. கடைகளை தேவயானி இன்டர்நேஷனல், சஃபையர் ஃபுட்ஸ் ஆகிய இரண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. தெற்கிலும் மேற்கிலும் மெக்டொனால்ட்ஸ் வெஸ்ட்லைஃப் குழுமத்தின் கையில் இருக்கிறது. இவை பெருமுதலீட்டு நிறுவனங்கள். சில லட்சங்களுக்கு இந்தப் பெயர்களில் கடை எடுத்துத் தருவதாக யாராவது இணையத்தில் சொன்னால், அது முன்பணத்தைப் பறிக்கும் மோசடி என்றே எடுத்துக்கொள்ளலாம். சிறு முதலீட்டாளருக்குக் கிடைப்பவை டீ, ஜூஸ், பிரியாணி, ஐஸ்கிரீம் போன்றவற்றில் சில ஆண்டுகளுக்குள் வளர்ந்த உள்ளூர், மாநிலப் பிராண்டுகள்தான். அவற்றில் நல்லவையும் உண்டு, கடை விற்பதையே தொழிலாகக் கொண்டவையும் உண்டு.

ஒரே இடம், இரண்டு கடைகள்

தாம்பரத்தை ஒட்டிய புறநகரில் 200 சதுர அடிக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாடகை 20,000, அட்வான்ஸ் 2 லட்சம். கீழே வருபவை கணக்குக்காக நாம் வைத்துக்கொள்ளும் தொகைகள். ஊருக்கும் தெருவுக்கும் ஏற்ப இவை மாறும். உங்கள் எண்களைப் போட்டுப் பார்ப்பதற்கான வழியைக் காட்டுவதுதான் நோக்கம்.

சொந்தக் கடைக்கு அட்வான்ஸ் போக, உள்வேலை, மின்சாரம், தண்ணீர் இணைப்பு, பலகை எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம். பாய்லர், அடுப்பு, ஃபிரிட்ஜ், கவுன்டர், பாத்திரங்கள் இன்னொரு ஒன்றரை லட்சம். மூடிய கடைகளின் பொருள்களைச் செகண்ட் ஹேண்டில் தேடிப் பிடித்தால் இது இன்னும் குறையும். உரிமங்களுக்கும் முதல் சரக்குக்கும் 30,000. ஆக மொத்தம் 5,30,000. கையில் மிஞ்சுவது 4,70,000.

அதே இடத்தில் பிரான்சைஸ் கடை. பெயருக்கான கட்டணம் 1,50,000. அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 27,000. உள்வேலை நிறுவனம் சொல்லும் நிறத்தில், சொல்லும் பொருளில், பெரும்பாலும் அவர்கள் காட்டும் ஒப்பந்ததாரர் கையாலேயே நடக்கவேண்டும் என்பதால் 3 லட்சம். கருவிகள் அவர்கள் பட்டியல்படி புதிதாக, 2 லட்சம். அட்வான்ஸ் அதே 2 லட்சம். உரிமம், முதல் சரக்கு 43,000. மொத்தம் 9,20,000. கையில் மிஞ்சுவது 80,000.

'பத்து லட்சத்துக்குள் முடிந்துவிடும்' என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னது பொய்யில்லை. கடை திறக்கும் நாள் வரையிலான செலவைத்தான் அவர் சொன்னார். திறந்த பிறகு வரும் மாதங்களைப் பற்றி அவர் பேசவில்லை, இவரும் கேட்கவில்லை.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. கடை ஓடாமல் மூடவேண்டி வந்தால் எவ்வளவு திரும்பும்? அட்வான்ஸ் வரும், கருவிகள் பாதி விலைக்குப் போகும் என்று வைத்துக்கொண்டால், சொந்தக் கடையில் போட்ட 5,30,000-இல் 2,75,000 திரும்பிவிடும். இழப்பு இரண்டரை லட்சத்தைச் சற்றுத் தாண்டும். பிரான்சைஸில் 9,20,000 போட்டு 3 லட்சம்தான் திரும்பும். பெயர்க் கட்டணம் திரும்பாது. அந்த நிறத்திலும் சின்னத்திலும் செய்த உள்வேலை வேறு யாருக்கும் பயன்படாது. இழப்பு 6,20,000. முதல்முறை தொழில் செய்பவர் ஒருமுறை சறுக்கி மறுபடி எழுந்திருக்க முடியுமா என்பதை இந்த எண்தான் தீர்மானிக்கிறது.

ஒரு ரூபாயில் எத்தனை பைசா தங்கும்?

இனி மாதக் கணக்கு. வாடகை 20,000. டீ மாஸ்டருக்கு நாளுக்கு 900 வீதம் 27,000. உதவியாளுக்கு 15,000. மின்சாரம் 5,000. மற்றவை 3,000. மொத்தம் 70,000. விற்றாலும் விற்காவிட்டாலும் இது போய்க்கொண்டே இருக்கும். கல்லாவில் முதலாளியே உட்காருகிறார், அவருக்குச் சம்பளம் எழுதவில்லை.

பால், தூள், சர்க்கரை, காஸ், வாங்கி விற்கும் வடை பிஸ்கட் எல்லாம் சேர்த்து விற்பனையில் பாதி போகிறது என்று வைப்போம். அப்படியானால் சொந்தக் கடையில் விற்கும் ஒவ்வொரு ரூபாயிலும் 50 பைசா தங்குகிறது. 70,000 செலவை எடுக்க மாதம் 1,40,000-க்கு விற்கவேண்டும். நாளுக்குச் சுமார் 4,670 ரூபாய்.

பிரான்சைஸில் இரண்டு இடங்களில் பணம் கூடுதலாகக் கழிகிறது. ஒன்று, ராயல்டி. விற்பனையில் 5 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக 5.9 சதவீதம். இரண்டாவது, தூளும் மசாலாவும் கப்பும் நிறுவனத்திடமே வாங்கவேண்டும் என்ற நிபந்தனை. வெளிச்சந்தை விலையைவிட அது கூடுதலாக இருப்பதால் சரக்குச் செலவு 50 பைசாவிலிருந்து 54 ஆகிறது என்று வைப்போம். ஆக, ரூபாய்க்குத் தங்குவது 40 பைசா. அதே 70,000 செலவை எடுக்க மாதம் 1,75,000-க்கு விற்கவேண்டும். நாளுக்குச் சுமார் 5,830.

இரண்டுக்கும் இடையே நாளுக்கு 1,160 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். டீ 15 ரூபாய் என்றால் அது 78 டீ. இத்தனை பேரைப் பலகையில் உள்ள பெயர் தினமும் கூடுதலாக அழைத்துவந்தால்தான் பிரான்சைஸ்காரர் நட்டமில்லாத கோட்டில் சொந்தக் கடைக்காரருக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். விற்பனை கூடினாலும் இந்தக் கதை மாறாது. 50 பைசாவுக்கும் 40 பைசாவுக்கும் உள்ள விகிதம் எப்போதும் ஒன்றேகால் மடங்கு. சொந்தக் கடையில் நூறு ரூபாய் விற்கும் இடத்தில் பிரான்சைஸ் 125 ரூபாய் விற்றால்தான் இருவர் கையிலும் ஒரே பணம் நிற்கும்.

இங்கே முக்கியமான விஷயம், ராயல்டி லாபத்தில் எடுப்பதில்லை, விற்பனையில் எடுப்பது. நட்டம் வந்த மாதத்திலும் அது போகும். பால் விலை லிட்டருக்கு இரண்டு ரூபாய் ஏறினால் அந்தச் சுமை முழுக்கக் கடைக்காரர் தலையில். நிறுவனத்தின் பங்கு குறையாது.

ஜி.எஸ்.டி.யையும் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். உணவகச் சேவைக்கு 5 சதவீத வரி. ஆனால் அந்த வரி விகிதத்தில், நாம் வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே பெயர்க் கட்டணத்துக்கும் ராயல்டிக்கும் கட்டும் 18 சதவீதம் முழுச் செலவு, எங்கும் திரும்பாது. ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருக்கும் சேவைத் தொழிலுக்குப் பதிவே தேவையில்லை. நம் சொந்தக் கடை நட்டமில்லாத நிலையில் ஆண்டுக்கு 16,80,000 விற்கிறது, வரம்புக்கு உள்ளே. பிரான்சைஸ் கடை அதே நிலைக்கு வர 21 லட்சம் விற்கவேண்டும், வரம்பைத் தாண்டிவிடுகிறது.

முதல் ஆறு மாதம்

எந்தக் கடையும் திறந்த அன்றே முழு வியாபாரம் செய்வதில்லை. முதல் வாரம் புதுக்கடை பார்க்கக் கூட்டம் வரும், பிறகு இறங்கும், அப்புறம் பழகியவர்கள் ஒவ்வொருவராகச் சேருவார்கள். சொந்தக் கடையின் விற்பனை முதல் மாதம் நாளுக்கு 3,000, பிறகு 3,800, 4,600, 5,400, 6,000, ஆறாம் மாதம் 6,600 என்று ஏறுவதாக வைப்போம். வீட்டுச் செலவுக்கு மாதம் 25,000 இந்தக் கல்லாவிலிருந்துதான் எடுக்கவேண்டும்.

முதல் மாதம் கடை நட்டம் 25,000, வீட்டுக்கு 25,000, ஆக 50,000 கையிருப்பிலிருந்து போகிறது. இரண்டாம் மாதம் 38,000. மூன்றாம் மாதம் 26,000. நான்காம் மாதம் கடை லாபத்துக்கு வந்துவிடுகிறது, ஆனாலும் வீட்டுச் செலவுக்கு 14,000 குறைகிறது. ஐந்தாம் மாதம் 5,000 குறைகிறது. ஆறாம் மாதம் கடையே வீட்டையும் தாங்குகிறது. மொத்தம் கையிருப்பிலிருந்து போனது 1,33,000. 4,70,000 வைத்திருப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. அனுபவமின்மையால் ஒவ்வொரு படியும் ஏற இரண்டு மாதம் ஆனாலும், 2,66,000 போகும். அப்போதும் கையில் பணம் இருக்கும்.

பிரான்சைஸ் கடைக்குச் சலுகையாக, பெயரின் பலத்தால் முதல் நாளிலிருந்தே 20 சதவீதம் கூடுதல் விற்பனை என்று வைப்போம். முதல் மாதம் நாளுக்கு 3,600. கடை நட்டம் 26,800, வீட்டுக்கு 25,000. இரண்டாம் மாதம் நாளுக்கு 4,560. நட்டம் 15,280, வீட்டுக்கு 25,000. இரண்டு மாதத்தில் போனது 92,080. கையிருப்பு 80,000 மட்டுமே. இரண்டாவது மாதம் முடிவதற்குள் பணம் தீர்ந்துவிட்டது.

சொந்தக் கடையைவிடக் கூடுதலாக விற்ற கடைதான் இது. ஆனால் வளர்வதற்கான நாள்களை வாங்கப் பணம் இல்லை. இந்த இடத்தில்தான் தண்டல்காரர் உள்ளே வருகிறார். நாள் வட்டிக்கு வாங்கிய பணம் கல்லாவை மாலைதோறும் துடைத்துவிடும். பிறகு பால் கொஞ்சம் மெலியும், மாஸ்டருக்குச் சம்பளம் தள்ளிப்போகும், மாஸ்டர் பக்கத்துக் கடைக்குப் போவார், டீயின் ருசி மாறும். வெளியிலிருந்து பார்ப்பவர் 'கடை ஓடவில்லை' என்பார். கடை ஓடிக்கொண்டுதான் இருந்தது, கையிருப்புதான் ஓடவில்லை.

பெயர் எங்கே வேலை செய்யும்?

அப்படியானால் பிரான்சைஸ் எப்போதும் நட்டமா? இல்லை. ஒன்றேகால் மடங்கு விற்பனையைப் பெயர் கொண்டுவரும் இடங்கள் உண்மையிலேயே உண்டு. வாடிக்கையாளர் யார் என்று பார்த்தால் அது தெரிந்துவிடும்.

பேருந்து நிலையம், நெடுஞ்சாலை ஓரம், பெரிய மருத்துவமனை வாசல். இங்கே வருபவர் ஊருக்குப் புதியவர், ஒரே ஒருமுறை வருகிறார், ருசி பார்த்துத் தேர்ந்தெடுக்க நேரமில்லை. தெரிந்த பெயரைப் பார்த்ததும் உள்ளே நுழைவார். மால்களிலும் ஐ.டி. வளாகங்களிலும் சொந்தப் பெயர்க் கடைக்கு இடம் கிடைப்பதே கடினம், அங்கே பெயர்தான் நுழைவுச்சீட்டு. இத்தகைய இடங்களில் பெயருக்குக் கொடுக்கும் பணம் திரும்ப வரும்.

தெருமுனையும் சந்தையும் பட்டறைகள் நிறைந்த பகுதியும் வேறு வகை. இங்கே வருபவர் அதே மனிதர், காலையும் மாலையும், ஆண்டு முழுக்க. முதல் முறை பெயரைப் பார்த்து வரலாம். பத்தாம் முறை வருவது டீயின் ருசிக்காகவும், தனக்குச் சர்க்கரை கம்மி என்று கடைக்காரர் நினைவில் வைத்திருப்பதற்காகவும். அந்தப் பத்தாம் முறைக்கும் ராயல்டி போய்க்கொண்டே இருக்கும்.

நம்பிக்கையே சரக்காக இருக்கும் தொழில்களும் உண்டு. ரத்தப் பரிசோதனை மாதிரி எடுக்கும் மையத்தையோ கூரியர் முகவாண்மையையோ சொந்தப் பெயரில் தொடங்கினால் யாரும் வரமாட்டார்கள். அங்கே பின்னால் இருக்கும் ஆய்வகமும் வண்டிகளும்தான் தொழில். இவற்றில் உள்வேலைச் செலவும் குறைவு. ஆவின் பாலகம் போன்றவற்றில் ராயல்டி கிடையாது, விற்கும் பொருளில் கமிஷன். கைமுதல் குறைவானவர் பிரான்சைஸ்தான் வேண்டும் என்று நினைத்தால், பெயர்க் கட்டணமும் உள்வேலையும் பெரிதாக இல்லாத இத்தகைய முகவாண்மைகளை முதலில் பார்ப்பது நல்லது.

சொந்தக் கடைக்காரர் எதை இழக்கிறார் என்பதையும் மறைக்கக்கூடாது. நல்ல பிரான்சைஸ் நிறுவனம் தருவதில் மிக மதிப்புள்ளது பலகை அல்ல, செய்முறை. எத்தனை லிட்டர் பாலுக்கு எத்தனை கிராம் தூள், டிகாஷன் எத்தனை நிமிடத்துக்குமேல் நிற்கக்கூடாது, மாஸ்டர் விடுப்பு எடுத்தால் உதவியாள் எப்படி அதே ருசியில் போடுவது. இது கையில் இல்லாத சொந்தக் கடை மாஸ்டரின் தயவில் நிற்கும், அவர் போன நாளில் வாடிக்கையாளரும் போவார். இதைப் பெறப் பணம் கொடுக்காமலும் ஒரு வழி உண்டு. கடை போடுமுன் இரண்டு மூன்று மாதம் வியாபாரம் உள்ள ஒரு டீக்கடையில் வேலைக்குச் சேர்வது. அதிகாலை நாலரைக்குப் பால் வண்டி வருவதிலிருந்து இரவு பாத்திரம் கழுவுவது வரை கூட நின்றால், எல்லாவற்றையும் கிராமிலும் நிமிடத்திலும் எழுதி வைத்துக்கொள்ளலாம். அந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

'ராயல்டியே இல்லை' என்றால்?

பல விளம்பரங்களில் 'ராயல்டி கிடையாது' என்று பெரிய எழுத்தில் இருக்கும். நிறுவனம் அப்போது எதில் சம்பாதிக்கிறது என்று கேட்கவேண்டும். இரண்டே வழிகள். ஒன்று, சரக்கு. தூள், சிரப், ஃபுரோசன் வடை, அச்சிட்ட கப் எல்லாம் அவர்களிடமே வாங்கவேண்டும், லாபம் அந்த விலைக்குள் இருக்கும். அவர்கள் தரும் விலைப்பட்டியலை வாங்கி, ஒவ்வொரு பொருளையும் மொத்தக் கடையில் விசாரித்து, வித்தியாசத்தை விற்பனையின் சதவீதமாக மாற்றிப் பாருங்கள். 10 சதவீதம் வந்தால், பெயரில்லாத ராயல்டி 10 சதவீதம் என்று பொருள். எங்கே வாங்கினாலும் சரி என்று அவர்கள் எழுத்தில் தந்தால்தான் ராயல்டி உண்மையிலேயே இல்லை.

இரண்டாவது வழி இன்னும் ஆபத்தானது: சம்பாத்தியம் முழுக்கப் பெயர்க் கட்டணத்திலும் உள்வேலை ஒப்பந்தத்திலும் இருப்பது. அப்படிப்பட்ட நிறுவனத்துக்கு உங்கள் கடை ஓடினாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான். அடுத்த கடையை விற்றால் போதும். அந்த வகையில், நியாயமான ஒரு ராயல்டியை வாங்கும் நிறுவனம் மேல், உங்கள் விற்பனை குறைந்தால் அவர்களுக்கும் வலிக்கும்.

'நீங்கள் பணம் மட்டும் போடுங்கள், கடையை நாங்களே நடத்துகிறோம், மாதம் இவ்வளவு நிச்சயம்' என்பது இன்னொரு வகை. கடையின் வருமானத்திலிருந்துதான் அந்தப் பணம் வரமுடியும். விற்பனை எவ்வளவு என்று தெரியாத ஒரு கடையில் மாத வருமானம் நிச்சயம் என்றால், அது புதிதாகச் சேருபவர் கட்டிய பணத்திலிருந்து வருகிறதா என்று சந்தேகப்படுவதற்கு முழுக் காரணம் இருக்கிறது.

கையெழுத்துக்கு முன்

அமெரிக்காவில் 1979 முதல் ஒரு விதி நடப்பில் இருக்கிறது. பிரான்சைஸ் விற்பவர், வாங்குபவரிடம் ஒரு விவர ஆவணத்தை ஒப்பந்தத்துக்கு முன்பே தரவேண்டும், படித்துப் பார்க்கக் குறைந்தது 14 நாள் விடவேண்டும். நிறுவனத்தின் வழக்குகள், மொத்தச் செலவு, நடக்கும் கடைகளின் பட்டியல், அண்மையில் விலகிய கடைக்காரர்களின் விவரம் எல்லாம் அதில் இருக்கும். இந்தியாவில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், வணிகச் சின்னச் சட்டம் போன்ற பொதுச் சட்டங்களுக்குள்தான் எல்லாம் நடக்கிறது. ஆகவே அந்த ஆவணத்தில் இருக்கவேண்டியதை நாமேதான் தேடிச் சேர்க்கவேண்டும்.

முதலில் விற்பனை. நிறுவனம் காட்டும் 'மாதம் இவ்வளவு லாபம்' தாளை ஓரமாக வைத்துவிட்டு, அவர்களுடைய கடைகளில் இரண்டு மூன்றில் பால் எத்தனை லிட்டர் இறங்குகிறது என்று பாருங்கள். டீக்கடையின் அளவைத் தொழிலில் இருப்பவர்கள் லிட்டரில்தான் சொல்வார்கள். லிட்டருக்குச் சுமார் 12 டீ என்று வைத்தால், 30 லிட்டர் என்பது 360 டீ, 15 ரூபாய் வீதம் 5,400. லாபத் தாளில் நாளுக்கு 10,000 விற்பனை என்று எழுதியிருக்கும் கடையில் 25 லிட்டர்தான் இறங்குகிறது என்றால், மீதி எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். பார்க்கும் கடைகளை நீங்களே தேர்ந்தெடுக்கவேண்டும், திறந்து ஒரு ஆண்டுக்குமேல் ஆகியிருக்கவேண்டும். புதுக்கடையின் கூட்டம் எதையும் சொல்லாது.

அடுத்து, மூடிய கடைகள். பழைய விளம்பரங்களிலும் இணைய வரைபடத்திலும் அந்தப் பெயரில் இருந்து இப்போது இல்லாத கிளைகள் தென்படும். பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டால் ஏன் மூடினார்கள் என்று சொல்வார். நடத்தியவரைக் கண்டுபிடித்துப் பேச முடிந்தால் இன்னும் நல்லது. ஓடும் கடைக்காரர் பத்துப் பேரிடம் கேட்பதைவிட மூடியவர் இருவரிடம் கேட்பது அதிகம் கற்றுத்தரும்.

மூன்றாவது, தாள்கள். நிறுவனம் கம்பெனியாகப் பதிவானதென்றால் அதன் ஆண்டுக் கணக்கை mca.gov.in தளத்தில் சிறு கட்டணம் கட்டிப் பார்க்கலாம். வருமானத்தில் பெரும்பகுதி பெயர்க் கட்டணமா, ராயல்டியா, சரக்கு விற்பனையா என்று ஒரு ஆடிட்டரிடம் காட்டிக் கேளுங்கள். முன்னே சொன்ன இரண்டாம் வகை நிறுவனம் இங்கே பிடிபடும். வணிகச் சின்னம் உண்மையில் பதிவாகியிருக்கிறதா, விண்ணப்பம் மட்டும் போட்டு ஆட்சேபத்தில் நிற்கிறதா என்பதையும் வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையத் தேடலில் பார்த்துவிடலாம். உணவகச் சேவைக்கு 43-ஆம் வகுப்பு. பதிவாகாத பெயருக்கு லட்சக்கணக்கில் கட்டுவது, நாளை வேறொருவர் உரிமை கோரினால் பலகையைக் கழற்றும் செலவையும் சேர்த்துக் கட்டுவது.

ஒப்பந்தத்தில் நான்கு இடங்களைத் தேடிப் படிக்கவேண்டும். எத்தனை ஆண்டு, புதுப்பிக்க மறுபடி எவ்வளவு. எத்தனை கிலோமீட்டருக்குள் இன்னொரு கிளை தரமாட்டார்கள், இணைய ஆர்டர் வழியாக விற்கும் சமையல் கூடமும் அந்தத் தடைக்குள் வருகிறதா. நிறுவனம் சொன்னால் உள்வேலையை மறுபடி மாற்றவேண்டுமா. விலக நினைத்தால் எவ்வளவு நோட்டீஸ், எவ்வளவு அபராதம். விலகிய பிறகு இதே தொழிலைச் செய்யக்கூடாது என்ற வரி பல ஒப்பந்தங்களில் இருக்கும். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை அத்தகைய தடை பொதுவாகச் செல்லும் என்று 1995-இல் கோக கோலா தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒருவரைப் பிழைக்கவிடாமல் தடுப்பது ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. ஆனால் அவர்களுடைய பெயரையும் ரகசியச் செய்முறையையும் பயன்படுத்த முடியாது. எந்த வழியானாலும் வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரில்தான் இருக்கவேண்டும். அது நிறுவனத்தின் பெயரில் இருந்தால், பிரச்சினை வரும் நாளில் இடமும் அவர்களோடு போய்விடும்.

எதை வைத்து முடிவெடுப்பது?

இரண்டு எண்களைத் தாளில் எழுதினால் போதும். முதலாவது, கடை திறந்த பிறகு கையில் மிஞ்சும் பணம். அது ஆறு மாதக் கடைச் செலவில் பாதியையும், ஆறு மாத வீட்டுச் செலவையும் தாங்கவேண்டும். நம் கணக்கில் அது 2,10,000-மும் 1,50,000-மும் சேர்ந்து 3,60,000. எந்த வழியில் இந்தத் தொகை மிஞ்சவில்லையோ, அந்த வழி உங்களுக்கு இப்போதைக்கு இல்லை. பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி.

இரண்டாவது, பெயர் கூடுதலாகக் கொண்டுவரவேண்டிய விற்பனை. ரூபாய்க்குத் தங்கும் பைசாவை இரண்டு வழிக்கும் கணக்கிட்டு, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் கிடைக்கும். நம் கணக்கில் அது ஒன்றேகால் மடங்கு. உங்கள் இடத்துக்கு வருபவர்கள் வழிப்போக்கர்களா, தெருக்காரர்களா என்று இரண்டு நாள் காலையும் மாலையும் எதிரே நின்று பார்த்தால், அந்தக் கூடுதல் வருமா வராதா என்று ஓரளவு சொல்லிவிடலாம். வழிப்போக்கர்கள், கையிருப்பும் போதும் என்றால் பிரான்சைஸைத் தயங்காமல் எடுக்கலாம். தெருக்காரர்கள் என்றால், பெயருக்குக் கட்டவிருந்த ஒன்றரை லட்சத்தை நல்ல மாஸ்டருக்கும் நல்ல பாலுக்கும் ஒதுக்கிவைத்துவிட்டுச் சொந்தப் பலகையை எழுதக் கொடுக்கலாம்.